பீலி வண்டியின் அச்சு: ஒரு குறளில் வாதம் அமைந்த விதம்

குறள் வெண்பா இரண்டு அடிகள் கொண்டது. முதல் அடியில் நான்கு சீர், இரண்டாம் அடியில் மூன்று சீர். சீருக்குச் சீர் வெண்டளை பிறழக் கூடாது. ஈற்றுச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளில் ஒன்றாக முடிய வேண்டும். ஆக, சொல்ல வந்ததை ஏழு சீருக்குள் சொல்லியாக வேண்டும். அந்த இடத்தில் ஒரு கருத்தைக் கூறுவது கடினமல்ல. பழமொழிகள் அதைவிடச் சிறிய இடத்திலும் கருத்தைக் கூறிவிடுகின்றன. கருத்தோடு அதற்கான காரணத்தையும் சேர்த்து, வரக்கூடிய மறுப்புக்கு விடையையும் உள்ளே வைத்துக் கட்டுவதுதான் அரிது. திருக்குறளின் நல்ல பாடல்கள் இதைச் செய்கின்றன.

பொருட்பாலில் 48ஆம் அதிகாரம் வலியறிதல். அதன் ஐந்தாம் குறள், மயிற்பீலி ஏற்றிய வண்டியைப் பற்றியது. பீலி ஏற்றிய வண்டிக்கும் அச்சு முறியும், அந்தச் சரக்கையே அளவு மீறி ஏற்றினால் என்பது அதன் நேர்ப்பொருள். அரசன், பகைவன், படை, போர் என்று ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. வண்டியும் சரக்கும் மட்டுமே உள்ளன. இருந்தும் இது அரசனுக்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை என்று பரிமேலழகர் உரை எழுதுகிறார். எளியவர்கள்தாமே என்று எண்ணிப் பலரோடு பகை கொள்கிறவன், தான் வலியவனாகவே இருந்தாலும், அவர்கள் ஒன்றுகூடும்போது வலிமை இழப்பான் என்பது அவர் காணும் பொருள். சொல்லக் கருதியதை மறைத்து, அதைப் போன்ற இன்னொன்றை மட்டும் சொல்லி உணர்த்தும் இம்முறைக்குப் பிறிதுமொழிதல் என்று பெயர். ஒட்டு என்றும் நுவலா நுவற்சி என்றும் இதைச் சொல்வதுண்டு.

இந்தப் பொருளை உரையாசிரியர் தம் விருப்பத்துக்கு ஏற்றிச் சொன்னாரா என்று வாசகர் கேட்கலாம். அதற்கு விடை அதிகாரத்திலேயே இருக்கிறது. முதல் குறள் செயலின் வலிமை, தன் வலிமை, மாற்றான் வலிமை, இருவருக்கும் துணையாவாரின் வலிமை என்று நால்வகை வலியை எடை போடச் சொல்கிறது. எடுத்த எடுப்பிலேயே படிப்பவர் கையில் ஒரு துலாக்கோல் தரப்பட்டுவிட்டது. அதன்பின் வண்டியும் பீலியும் வரும்போது, எது எவரைக் குறிக்கிறது என்பது தானே விளங்குகிறது. குறளின் சுருக்கத்துக்கு அதிகாரத் தலைப்பு பெரிய துணை. ஏழு சீரில் இடமில்லாத எழுவாயைத் தலைப்பு சுமக்கிறது.

இனி, ஒவ்வொரு சொல்லும் வாதத்தில் செய்யும் வேலையைப் பார்க்கலாம். வண்டிக்குப் பின்னால் வரும் உம்மை முதலில் கவனிக்கத் தக்கது. அது வண்டியின் வலிமையை மட்டுமல்லாமல் பீலியின் நொய்ம்மையையும் சேர்த்துக் காட்டுகிறது என்பது பரிமேலழகரின் விளக்கம். மிக வலியதையும் மிக மெல்லியதையும் எதிரெதிரே நிறுத்தும் வேலையை ஓர் இடைச்சொல் முடித்துவிடுகிறது. பீலிக்குப் பதில் கருங்கல்லை வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். கல் ஏற்றினால் அச்சு முறிவதில் வியப்பும் இல்லை, வாதமும் இல்லை. வண்டிக்குப் பதில் நைந்த கூடையை வைத்தாலும் அதே கதிதான். இரண்டு ஓரங்களும் இருந்தால்தான் வாதம் நிற்கிறது.

அடுத்தது, சரக்கின் முன் வரும் சுட்டெழுத்து. ‘அந்த’ என்ற சுட்டு இல்லாவிட்டால் ஒருவர் மறுத்துரைக்க இடம் உண்டு: பீலியோடு வேறு ஏதோ கனமான பொருளும் ஏறியிருக்கலாம், அச்சு அதனால் முறிந்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தை ஒற்றை எழுத்து அடைத்துவிடுகிறது. முறித்தது அதே பீலி, வேறொன்றும் இல்லை. அளவு ஒன்று மட்டுமே மாறியது. நூல் முழுவதிலும் இவ்வளவு சிறிய சொல்லுக்கு இவ்வளவு பெரிய பொறுப்பு தரப்பட்ட இடங்கள் குறைவு.

அடிகள் பிரியும் இடமும் தற்செயலாக அமைந்ததில்லை. அச்சு முறிதல் முதல் அடியிலேயே வந்துவிடுகிறது. அது எப்படி நேரும் என்பதைச் சொல்லும் நிபந்தனை இரண்டாம் அடிக்குத் தள்ளப்பட்டிருக்கிறது. நம்ப முடியாத முடிவைக் கேட்டவர், காரணத்துக்காக ஒரு கணம் காத்திருக்க வேண்டும். அந்தக் குறுகிய இரண்டாம் அடியில் மிகுதியை உணர்த்த ஒன்றுக்கு இரண்டு சொற்கள் நிற்கின்றன. சிக்கனமே உயிரான வடிவத்தில் இது வீண் செலவு போலத் தோன்றலாம். அவற்றுள் முதலாவது முதல் அடியின் தொடக்கத்தோடு எதுகையாக இயைகிறது என்பது உண்மை; அது மட்டும் காரணமாக இருக்க முடியாது. பீலியைக் கொண்டு அச்சை முறிக்க வேண்டுமென்றால் சாதாரண மிகுதி போதாது. நம்பத்தக்க அளவுக்கு வாதத்தைக் கொண்டுசெல்ல இரட்டை அழுத்தம் தேவைப்படுகிறது. ஏற்றுதலைக் குறிக்கும் ஒரே வினை பாட்டின் தொடக்கத்திலும் முடிவிலும் வருவதும் இதற்குத் துணை: முதலில் அது வழக்கமான ஏற்றுதல், இறுதியில் அளவு கடந்த ஏற்றுதல்.

இப்படிப்பட்ட பாட்டுக்கு இரண்டு வரியில் பொருள் எழுத வேண்டும் என்றால், பிழை நேரும் இடங்கள் மூன்று. முதலாவது, வரிசையை மாற்றுவது. அளவு மீறி ஏற்றினால் என்று நிபந்தனையை முதலில் வைத்துத் தொடங்கும் உரைநடை, இலக்கணப்படி சரியானது. முடிவை முன்வைத்து ஏற்படுத்திய வியப்பு அதில் போய்விடும். இரண்டாவது, பாட்டில் இல்லாததைச் சொல்லும்போது அது இல்லாதது என்று காட்டாமல் விடுவது. வண்டியையும் அரசனையும் ஒரே வாக்கியத்தில் குழைத்தால், குறளே அரசனைப் பெயர் சொல்லிப் பேசியதாகப் படிப்பவர் எண்ணுவார். முதல் வாக்கியத்தில் வண்டி, இரண்டாம் வாக்கியத்தில் அது உணர்த்துவது என்று பிரித்து வைப்பதே நேர்மை.

மூன்றாவது பிழைதான் மிகப் பரவலானது. கேட்பவர் யார் என்பதை மறப்பது. இந்தக் குறளை ‘ஒற்றுமையே பலம்’ என்பதற்கு மேற்கோளாக்கும் போக்கு உண்டு. எளியோர் சேர்ந்தால் வலியோரை வீழ்த்தலாம் என்ற செய்தி இதில் அடங்கியிருப்பது உண்மைதான். பாட்டின் பேச்சு பீலியை நோக்கியது அன்று. வண்டிக்காரனை நோக்கியது. எண்ணி ஏற்று, உன் அச்சின் தாங்குதிறனை மறக்காதே என்பதே அதன் அறிவுரை. அடுத்த குறள் இதை உறுதிசெய்கிறது: மரக்கிளையின் நுனிவரை ஏறியவர் அதையும் கடந்து மேலே செல்ல முயன்றால் உயிர் போகும் என்கிறது. இரண்டிலும் எச்சரிக்கப்படுகிறவர் தம் எல்லையை அறியாதவர்தாம்.

இந்த அடுத்தடுத்த வாசிப்புக்கு ஓர் எல்லை உண்டு. இன்று அச்சில் உள்ள குறள் வரிசை பரிமேலழகர் கொண்ட வரிசை. அவருக்கு முந்திய மணக்குடவர் போன்றோர் பல அதிகாரங்களில் குறள்களை வேறு முறையில் வைத்து உரை எழுதியிருக்கிறார்கள். ஆகவே அதிகாரத் தலைப்பை ஆதாரமாகக் கொள்ளலாம். முன்பின் வரும் குறளைத் துணைச் சான்றாக மட்டுமே கொள்ள வேண்டும்.

இவற்றையெல்லாம் கருதி எழுதினால் பொருள் இப்படி அமையும்: “மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அச்சு முறிந்து நிற்கும், அந்தப் பீலியையே மிகமிக அதிகமாக ஏற்றிவிட்டால். எளியவர்கள் என்று எண்ணிப் பலரைப் பகைத்துக்கொள்ளும் வலியவனின் நிலையை இது உணர்த்துகிறது.” குறளுக்குப் பொருள் எழுதும் ஆசிரியர்களும் மாணவர்களும் இந்த இரண்டாம் வாக்கியத்தை முதலாவதோடு கலக்காமல் எழுதப் பழக வேண்டும்.