சில்லி பாயின்ட் எங்கே இருக்கிறது?

தொலைக்காட்சியில் கிரிக்கெட் பார்க்கும்போது பந்துவீச்சாளரின் முதுகுதான் நம் பக்கம் இருக்கும். வலக்கை ஆட்டக்காரர் ஆடினால் திரையின் இடப்பக்கம் ஆஃப் சைடு, வலப்பக்கம் லெக் சைடு. இடக்கை ஆட்டக்காரர் வந்தால் இரண்டும் இடம் மாறிவிடும். இதைப் பிடித்துக்கொண்டால் வர்ணனையாளர் சொல்லும் இடங்கள் ஒவ்வொன்றாகப் பிடிபடும்.

ஜடேஜா பந்துவீசுகிறார், வலக்கை ஆட்டக்காரர் எதிரே நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆஃப் சைடில், மட்டைக்குச் சில அடி தூரத்திலேயே ஒருவர் குனிந்து நிற்பார். அதுதான் சில்லி பாயின்ட். ஆட்டக்காரர் காலை முன்னே வைத்துத் தடுக்கும்போது, பந்து மட்டையில் உரசிக் கால் பேடில் பட்டு மெல்ல எழும்பும். அந்தக் கேட்சுக்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். பந்து எழும்பிய வேகத்தில் தரைக்கு வந்துவிடும் என்பதால் கடைசிவரை தாழ்ந்தே இருக்க வேண்டும். அடி விழுமோ என்று பயந்து முன்கூட்டியே நிமிர்ந்தால் கேட்ச் போய்விடும். தலையில் ஹெல்மெட் உண்டு. ஆனால் கையுறை போட விக்கெட் கீப்பருக்கு மட்டுமே அனுமதி. முழங்கால் காப்பையும் பேன்ட்டுக்குள்தான் மறைத்துக் கட்ட வேண்டும்.

இதே இடம் லெக் சைடில் அமைந்தால் ஷார்ட் லெக். 1971இல் ஓவல் டெஸ்டில் நம் வெங்கட்ராகவன் பந்தில் ஆலன் நாட் கொடுத்த கேட்சை ஏக்நாத் சோல்கர் அங்கிருந்து முன்னே பாய்ந்து பிடித்தார். அப்போது ஹெல்மெட்டே கிடையாது. 27 டெஸ்டுகளில் 53 கேட்ச் பிடித்தவர் அவர். அந்த இடத்தில் அவருக்கு இணை யாருமில்லை என்பேன்.

வேகப்பந்து வந்தால் கல்லியைப் பாருங்கள். ஆஃப் சைடில், ஆட்டக்காரருக்குப் பின்னால் சாய்வாக, ஸ்லிப் வரிசை முடிந்த பிறகு சற்றுத் தள்ளி இருக்கும். மெல்லிய உரசல் ஸ்லிப்புக்குப் போகும். மட்டையின் விளிம்பில் கொஞ்சம் அழுத்தமாகப் பட்டால் பந்து இன்னும் விலகி கல்லிக்கு வரும். நெஞ்சுயரத்தில் எழும்பும் பந்தைத் தடுமாறித் தடுப்பவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குவார்கள்.

ஃபைன் லெக் இதற்கு நேர்மாறு. லெக் சைடில், கீப்பருக்குப் பின்னால் எல்லைக்கோட்டருகே இருக்கும். காலருகே வரும் பந்தை லேசாகத் திருப்பிவிட்டால் அங்கே போகும். பெரும்பாலும் அப்போதுதான் ஓவரை முடித்த வேகப்பந்து வீச்சாளரே அங்கு நிற்பார். அடுத்த ஓவர் எதிர்முனையிலிருந்து வீசப்படும் என்பதால், அவர் ஓடத் தொடங்கும் பக்கமே ஃபைன் லெக் ஆகிவிடுகிறது. நடை மிச்சம்.

ஆனால் லெக் சைடில் ஆட்டக்காரரின் கிரீஸ் கோட்டுக்குப் பின்னால், கீப்பர் நீங்கலாக, இரண்டு பேருக்கு மேல் நிற்கக் கூடாது. மூன்றாவது ஆள் நின்றால் அந்தப் பந்து நோபால்.