வெயிலில் நிற்கும் மகிழுந்து: உள்ளே எவ்வளவு சூடு ஏறும்?

படிவம் 4 இயற்பியலில் வெப்பப் பாடம் முடிந்ததும் மாணவர்களிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துப் பாருங்க. மதிய வெயிலில், சன்னல்கள் மூடிய மகிழுந்து ஒன்று நிற்கிறது. வெளியே 33 டிகிரி செல்சியஸ். உள்ளே இருப்பது 3 கன மீட்டர் காற்று, அதாவது சுமார் 3.5 கிலோகிராம். அரை மணி நேரம் கழித்து உள்ளே என்ன வெப்பநிலை இருக்கும்?

முதலில், எவ்வளவு வெப்பம் உள்ளே போகிறது என்று பார்ப்போம். கடும் வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு 800 வாட் என்று வைத்துக்கொள்வோம். வெயிலை நேராக வாங்கும் கண்ணாடிப் பரப்பு 1.5 சதுர மீட்டர் என்றால், கண்ணாடியில் விழுவது 1200 வாட். இது முழுவதும் உள்ளே போகாது. 100 பங்கில் 10 பங்கு எதிரொளித்துத் திரும்பிவிடுகிறது; 50 பங்கு கண்ணாடியைக் கடந்து இருக்கை மேலேயும் முன்பலகை மேலேயும் விழுகிறது; மீதி 40 பங்கைக் கண்ணாடியே உட்கவர்ந்து சூடாகிறது.

இந்த 40 பங்கைத்தான் மாணவர்கள் மறந்துவிடுவாங்க. சூடான கண்ணாடி இரண்டு பக்கமும் வெப்பத்தை விடும். வெளியே காற்று அசைவதால் சுமார் 30 பங்கு வெளியே போய்விடும், 10 பங்கு உள்ளே வரும். ஆக, உள்ளே சேர்வது 50 + 10 = 60 பங்கு. 1200 வாட்டில் அது 720 வாட்.

இப்போது பெரும்பாலான மாணவர்கள் பழகிய சூத்திரத்துக்குப் போவாங்க:

```
Q = mcθ
720 × 1800 = 3.5 × 1000 × θ
θ = 370
```

33-உடன் 370 சேர்த்தால் 403 டிகிரி! ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். பெருக்கல், வகுத்தல் எல்லாம் சரிதான். ஆனால் இரண்டு விஷயங்கள் விடுபட்டுவிட்டன.

முதலாவது, வெப்ப இழப்பு. உள்ளே சூடு ஏற ஏற, கண்ணாடி, கூரை, கதவு வழியாக வெளியேறும் வெப்பமும் கூடும். உள்ளே வெளியே வேறுபாடு ஒவ்வொரு டிகிரிக்கும் 30 வாட் வெளியேறுகிறது என்று எடுத்துக்கொள்வோம். வருவதும் போவதும் சமமாகும்போது வெப்பநிலை நின்றுவிடும்:

```
720 = 30 × ΔT
ΔT = 24
```

எனவே உச்சம் 33 + 24 = 57 டிகிரி. இது நாம் அனுபவத்தில் காண்பதற்கு நெருக்கமானது.

இரண்டாவது, காற்று மட்டும் சூடாவதில்லை. இருக்கை, முன்பலகை, தரைவிரிப்பு ஆகியவற்றின் மேல்பரப்பும் சேர்ந்து சூடாகிறது. இவற்றையும் சேர்த்தால் ஒரு டிகிரி ஏற்ற ஏறக்குறைய 39 கிலோ ஜூல் தேவை என்று கொள்ளலாம். காற்றுக்கு மட்டும் 3.5 கிலோ ஜூல் போதும். இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால், உச்சத்தை அடைய இருக்கும் இடைவெளி ஒவ்வொரு 15 நிமிடத்திலும் பாதியாகக் குறையும். 15 நிமிடத்தில் 12 டிகிரி ஏறும், 30 நிமிடத்தில் 18, 45 நிமிடத்தில் 21, ஒரு மணி நேரத்தில் 22.5. ஆக நம் கேள்விக்கு விடை 33 + 18 = 51 டிகிரி.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லீங்க. 2005-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வெயிலில் நிறுத்திய மகிழுந்துக்குள் ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி ஏறியது. அதில் 80 விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறிவிட்டது. நம் கணக்கிலும் 22.5-இல் 18 என்பது அதே 80 விழுக்காடுதான். சன்னலை 4 செ.மீ. அளவுக்குத் திறந்து வைத்தும் பெரிய மாற்றம் தெரியவில்லை. அந்தச் சிறு இடைவெளியில் வெளியேறும் காற்று, உள்ளே வரும் நூற்றுக்கணக்கான வாட்டுக்கு ஈடாகாது.

இதே கணக்கு இன்னொன்றையும் விளக்கும். கதவைத் திறந்து சூடான காற்றை வெளியேற்றிவிட்டு மறுபடி மூடினால், கொஞ்ச நேரத்தில் பழைய சூடு திரும்பிவிடுகிறதே, ஏன்? போனது காற்றில் இருந்த 3.5 பங்கு மட்டும்தான். மீதி 35 பங்குக்கு மேல் இருக்கையிலும் முன்பலகையிலும் அப்படியே இருக்கிறது.

எண்கள் வண்டிக்கு வண்டி மாறும். கண்ணாடியின் நிறம், காற்றின் வேகம், மேகம் எல்லாம் பாதிக்கும். வளைகோட்டின் வடிவம் மட்டும் மாறாது: முதலில் செங்குத்தான ஏற்றம், பிறகு மெல்லச் சமநிலை. வரைபடம் வரையச் சொல்லும் கேள்வியில் நேர்கோடு போட்டால், இழப்பை மறந்துவிட்டார் என்று பொருள்.

"அஞ்சு நிமிஷத்துல வந்துடுவேன்" என்று பிள்ளையைக் காடியில் விட்டுப் போகிறவர் கவனிக்க வேண்டியதும் அந்தச் செங்குத்தான பகுதிதான். கடையில் வரிசை நீண்டு 15 நிமிடம் ஆனால், உள்ளே 45 டிகிரி. சிறு பிள்ளைகளின் உடல் பெரியவர்களைவிட வேகமாகச் சூடேறும். ஒரு மணி நேர ஆபத்தில் பாதிக்கு மேல் அந்தக் கால் மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது.