கடைசி இலக்கத்தின் வேலை

இணையத்தில் ரயில் டிக்கெட் எடுக்கும்போது கார்டு எண்ணில் ஒரு இலக்கத்தை மாற்றி அடித்துப் பாருங்கள். பல தளங்களில், அடுத்த கட்டத்துக்குப் போவதற்கு முன்பே சிவப்பில் ஒரு வரி வரும்: கார்டு எண் தவறு. அந்த நொடியில் வங்கியை யாரும் கேட்கவில்லை. உங்கள் சரியான எண் எது என்பதும் அந்தத் தளத்துக்குத் தெரியாது. இருந்தாலும் அடித்த எண் தப்பு என்று தெரிந்துவிடுகிறது. எப்படி?

பதில் கார்டு எண்ணின் கடைசி இலக்கத்தில் இருக்கிறது. விசா, மாஸ்டர்கார்டு போன்ற கார்டுகளின் 16 இலக்கங்களில் முதல் 15தான் வங்கியையும் கணக்கையும் அடையாளம் காட்டுபவை. 16-ஆவது இலக்கம் புதிதாக எதையும் சொல்வதில்லை. முன்னால் இருக்கும் பதினைந்தையும் வைத்து ஒரு கணக்குப் போட்டு, அதன் விடையைக் கடைசியில் ஒட்டியிருக்கிறார்கள். இதற்குச் சரிபார்ப்பு இலக்கம் என்று பெயர்.

கல்யாணச் சமையலுக்குச் சாமான் லிஸ்ட் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். சமையல் மாஸ்டர் மளிகைக்கடைக்குப் போன் போட்டுச் சொல்கிறார்: துவரம்பருப்பு 8 கிலோ, மிளகாய் 2, மல்லி 3, புளி 4. கடைசியில், “கூட்டிப் பாருங்க அண்ணாச்சி, 17 கிலோ வரணும்” என்கிறார். கடையில் இரைச்சல். மிளகாய் 3 என்று காதில் விழுந்தால் கூட்டல் 18 வரும். எந்தச் சாமானில் பிசகு என்று அண்ணாச்சிக்குத் தெரியாது. ஆனால் எங்கோ பிசகு என்று தெரியும், “திரும்ப ஒருதடவை சொல்லுங்க” என்பார். சரிபார்ப்பு இலக்கம் செய்வதும் இவ்வளவுதான். தப்பு இருக்கிறது என்று சொல்லும், எது சரி என்று சொல்லாது.

அந்த லிஸ்ட்டையே ஒரு எண்ணாக எழுதுவோம்: 8234. கூட்டினால் 17. எண்ணின் முடிவில் ஓர் இலக்கத்துக்குத்தான் இடம் என்பதால், கூட்டுத்தொகை பூஜ்யத்தில் முடியும்படி ஓர் இலக்கத்தைச் சேர்க்கிறோம். 17-உடன் 3 சேர்ந்தால் 20. ஆக நம் எண் 82343. இதை வாங்குகிறவர் எல்லா இலக்கங்களையும் கூட்டி, விடை பூஜ்யத்தில் முடிகிறதா என்று பார்த்தால் போதும். ஏதாவது ஓர் இலக்கம் மாறியிருந்தால் பூஜ்யத்தில் முடியாது.

ஆனால் இந்த முறையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அண்ணாச்சி மிளகாய் 3, மல்லி 2 என்று இடம் மாற்றி எழுதிக்கொண்டால் கூட்டல் அதே 17தான். சாமான் வண்டியேறிவிடும், சாம்பார் வாயில் வைக்க முடியாதபடி காரமாகும். மனிதர்கள் எண்களில் செய்யும் தவறுகளில் இந்த வகைக்கு முக்கியமான இடம் உண்டு. நெதர்லாந்தைச் சேர்ந்த கணிதவியலர் யாகோபுஸ் ஃபெர்ஹூஃப் 1960-களில் இந்தத் தவறுகளை வகை பிரித்து எண்ணிப் பார்த்தார். பத்தில் ஏறக்குறைய எட்டு, ஒரே ஓர் இலக்கம் மாறிப்போவது. அதற்கடுத்து, பத்தில் ஒன்று, பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவது. இந்த இரண்டையும் பிடித்தால் பெரும்பாலான தவறுகளைப் பிடித்த மாதிரி.

இடம் மாறுவதைப் பிடிக்க வேண்டுமென்றால், ஓர் இலக்கம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதும் கணக்கில் சேர வேண்டும். ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த ஹான்ஸ் பீட்டர் லூன் இதற்கு ஒரு வழி கண்டு 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1960-இல் கிடைத்தது. காப்புரிமை பெற்றது கையில் வைத்து இயக்கும் ஓர் இயந்திரத்துக்கு. கம்ப்யூட்டர் எல்லா மேசைக்கும் வராத காலம் அது. வழி இதுதான்: வலது கோடியில் இருக்கும் சரிபார்ப்பு இலக்கத்தை விட்டுவிட்டு, அங்கிருந்து இடது பக்கமாக ஒன்றுவிட்டு ஒன்றை இரண்டால் பெருக்க வேண்டும். மற்றவை அப்படியே.

நம் 8234-க்குச் செய்துபார்ப்போம். 4 இரட்டித்து 8. 3 அப்படியே. 2 இரட்டித்து 4. 8 அப்படியே. கூட்டினால் 23. 30 ஆக 7 வேண்டும். ஆக எண் 82347. இப்போது மிளகாயையும் மல்லியையும் இடம் மாற்றிப் பாருங்கள்: 83247. 4 இரட்டித்து 8, 2 அப்படியே, 3 இரட்டித்து 6, 8 அப்படியே, கடைசி 7. கூட்டினால் 31. பூஜ்யத்தில் முடியவில்லை, மாட்டிக்கொண்டது.

இரட்டிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. 1-ஐ இரட்டித்தால் 2. 6-ஐ இரட்டித்தால் 12. நாம் பார்ப்பது கடைசி இலக்கத்தை மட்டும் என்பதால், இரண்டும் 2 என்றே கணக்காகும். 1-க்குப் பதில் 6 அடித்தாலும் தெரியாமல் போய்விடும். அதனால் லூன் இன்னொரு விதி வைத்தார்: இரட்டித்து வருவது இரண்டு இலக்கமானால் அந்த இரண்டையும் கூட்டிக்கொள். 12 என்றால் 1+2, அதாவது 3. இப்படிச் செய்தால் 0 முதல் 9 வரைக்கும் வரும் விடைகள் வரிசையாக 0, 2, 4, 6, 8, 1, 3, 5, 7, 9. பத்தும் வெவ்வேறு. எதை எதுவாக மாற்றி அடித்தாலும் கூட்டல் மாறும். முதல் பார்வைக்குத் தேவையில்லாமல் சேர்த்தது போலத் தெரிந்த விதிதான் முழு முறையையும் தாங்கி நிற்கிறது.

அந்த வரிசையை இன்னொரு தடவை பாருங்கள். 0 இரட்டித்தாலும் 0. 9 இரட்டித்தாலும் 18, அதாவது 1+8, மறுபடி 9. இந்த இரண்டு இலக்கங்களும் எந்த இடத்தில் நின்றாலும் மதிப்பு மாறுவதில்லை. ஆகவே 09 என்பதை 90 என்று அடித்தால் லூன் முறைக்குத் தெரியாது. பக்கத்து இலக்கங்கள் இடம் மாறுவதில் அது தவறவிடுவது இந்த ஒரு ஜோடியைத்தான். ஒன்றுவிட்ட இலக்கங்கள் இடம் மாறினாலும் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரி நடத்தப்படுகின்றனவே.

உங்கள் கையில் இருக்கும் போனிலேயே இதைச் செய்துபார்க்கலாம். *#06# என்று அழுத்தினால் 15 இலக்கத்தில் ஐஎம்இஐ எண் வரும். போன் தொலைந்தால் புகாரில் கேட்கிறார்களே, அதே எண்தான். உதாரணத்துக்கு 490154203237518 என்று வைத்துக்கொள்வோம். கடைசி 8-ஐ விட்டு, வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்று எடுத்தால் 1, 7, 2, 0, 4, 1, 9. இரட்டித்து, இரண்டு இலக்கமானதைக் கூட்டிக்கொண்டால் 2, 5, 4, 0, 8, 2, 9. மொத்தம் 30. தொடாமல் விட்டவை கடைசி 8-உடன் சேர்த்து 8, 5, 3, 3, 2, 5, 0, 4. அதுவும் 30. ஆகமொத்தம் 60, பூஜ்யத்தில் முடிகிறது. உங்கள் எண்ணில் இப்படி வரவில்லையென்றால், முதலில் கணக்கைச் சரிபாருங்கள். கணக்கு சரியாக இருந்தும் வரவில்லையென்றால் அந்தப் போனைப் பற்றிச் சந்தேகப்படக் காரணம் இருக்கிறது.

ஆனால் பூஜ்யத்தில் முடிந்துவிட்டதாலேயே போன் அசல் என்று நினைத்துவிடக் கூடாது. பதினைந்தும் பூஜ்யமாக இருக்கும் எண்ணைக் கூட்டிப் பாருங்கள், அதுவும் தேறிவிடும். மலிவான போன்களில் ஒரு காலத்தில் உண்மையிலேயே அப்படி எண்கள் இருந்தன. குருட்டாம்போக்கில் அடிக்கும் எண்களில் பத்தில் ஒன்று இந்தச் சோதனையில் தேறும். விதி ஊரறிந்தது என்பதால், தேறும் எண்ணை வேண்டுமென்றே தயாரிப்பதும் ஒரு நிமிட வேலை. லூன் முறை கைதவறிச் செய்யும் பிழையைப் பிடிக்க வந்தது. திருடனைப் பிடிக்க அது உதவாது. “கார்டு எண் சரியாத்தானே காட்டுது” என்று ஏமாந்தவர்கள் இந்த வேறுபாடு தெரியாதவர்கள்.

லூன் விட்ட அந்த 09, 90 ஜோடியையும் பிடிக்கும் முறையை 1969-இல் ஃபெர்ஹூஃப் வெளியிட்டார். அது கூட்டலையே கைவிடுகிறது. கூட்டலில் 2+3-உம் 3+2-உம் ஒன்று என்பதுதானே எல்லாத் தொல்லைக்கும் வேர்? அவர் எடுத்துக்கொண்டது ஐந்து மூலை உள்ள ஓர் உருவம். அட்டையில் அதை வெட்டி, ஒரு மூலையில் புள்ளி வைத்து, மேசைமேல் வையுங்கள். ஒரு மூலை அளவு வலப்பக்கம் திருப்பிவிட்டுப் பிறகு கவிழ்த்தால் புள்ளி ஓரிடத்தில் நிற்கும். முதலில் கவிழ்த்துவிட்டு அதே அளவு வலப்பக்கம் திருப்பினால் வேறிடத்தில் நிற்கும். செயல் அதுவேதான், வரிசை மாறினால் விடை மாறுகிறது. அந்த அட்டையை வைக்கும் விதங்கள் மொத்தம் பத்து: முன்பக்கம் ஐந்து, பின்பக்கம் ஐந்து. பத்து இலக்கங்களுக்குப் பத்துச் செயல்கள். அதற்குமேல், இடத்துக்கு இடம் இலக்கங்களை மாற்றிப்போடும் ஓர் அட்டவணையையும் அவர் சேர்த்தார். ஓர் இலக்கம் மாறினாலும், பக்கத்து இலக்கங்கள் எந்த ஜோடி இடம் மாறினாலும் தப்பாது. கையால் போட அலுப்பான கணக்கு, கம்ப்யூட்டருக்கு ஒன்றுமில்லை. நம் ஆதார் எண்ணின் 12-ஆவது இலக்கம் இந்த முறையில் வந்ததுதான்.

நாம் தினமும் அடிக்கும் இன்னொரு எண்ணில் இந்தக் காவல் இல்லை. மொபைல் எண்ணின் பத்து இலக்கங்களும் எண்ணுக்கே செலவாகிவிடுகின்றன. ஓர் இலக்கம் தவறினால் கிடைப்பது தப்பான எண்ணாக இருக்காது, வேறொருவருடைய சரியான எண்ணாக இருக்கும். பணம் அனுப்பும் செயலிகள் அனுப்புவதற்கு முன் பெயரைக் காட்டுவது இதனால்தான். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் எல்லா வங்கிகளுக்கும் பொதுவான சரிபார்ப்பு விதி கிடையாது. நெஃப்ட் வழியாக அனுப்பும் பணம், நீங்கள் எழுதிய பெயரைப் பார்க்காமல் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கப்படலாம். எண்ணை இரண்டு தடவை அடிக்கச் சொல்வது ஒரு தற்காப்பு. அதையும் நாம் முதல் கட்டத்திலிருந்து நகலெடுத்து ஒட்டி வீணாக்கிவிடுகிறோம். நெஃப்டிலும் ஆர்டிஜிஎஸ்ஸிலும் பணம் போவதற்கு முன்பே கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. உங்கள் வங்கிச் செயலியில், பணம் பெறுபவரைச் சேர்க்கும் பக்கத்தில், அந்தப் பெயரைக் காட்டும் பொத்தான் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.