தீபாவளிக் கூட்டம் கலைந்த பிறகு தையல் கடையில்

தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் பெண்களுக்கான தையல் கடைகளில் ‘இனி ஆர்டர் எடுப்பதில்லை’ என்று அட்டை தொங்கும். பண்டிகை முடிந்த மறுவாரம் அதே கடையில் நான்கு மெஷினில் ஒன்று ஓடினாலே பெரிது. கடைக்காரர் எப்படியோ சமாளித்துவிடுவார். அடி விழுவது தைப்பவர்கள் மீதுதான். பெரும்பாலான சின்னக் கடைகளில் அவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, பீஸ் ரேட் கூலிதான். மூன்று வாரம் கை சும்மா இருந்தால் வேறு கடைக்கோ பனியன் கம்பெனிக்கோ போய்விடுவார்கள். பொங்கலுக்கு ஆர்டர் வரும்போது கைத்திறன் உள்ள ஆள் இருக்கமாட்டார். தீபாவளிக்குப் பின் ஒரு சலுகை அறிவிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

மந்தமான மாதத்துக்குச் சலுகை என்றாலே நமக்கு ஆடித் தள்ளுபடிதான் நினைவுக்கு வரும். கல்யாணம் இல்லாத மாதத்தில் ஜவுளிக்கடைக்காரர் தேங்கிய சரக்கை விலை குறைத்துத் தள்ளுகிறார். அவருக்கு அது சரி, ஏனென்றால் விற்காத சேலை அலமாரியில் முடங்கிய பணம். தையல் கடையில் அப்படித் தேங்கும் சரக்கு எதுவும் இல்லை. அங்கே வீணாவது ஆட்களின் நேரம். ஆகவே ஜவுளிக்கடையைப் பார்த்து ‘தையல் கூலியில் 20 சதவீதம் தள்ளுபடி’ என்று எழுதிப் போட்டால் கணக்கு இடிக்கும்.

எப்படி என்று பார்ப்போம். தொகைகள் ஊருக்கு ஊர் மாறும். கணக்குப் புரிவதற்காக ஒரு கடையை வைத்துக்கொள்வோம். லைனிங் வைத்த பிளவுஸுக்கு 450 ரூபாய் வாங்குகிறார்கள். தைப்பவர் கூலி 180. லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாம் சேர்த்து 90. மீதி 180 ரூபாயில்தான் வாடகை, கரண்ட், வெட்டிக் கொடுக்கும் மாஸ்டரின் உழைப்பு எல்லாம் அடங்கவேண்டும். 20 சதவீதம் என்பது 90 ரூபாய். 450-இல் 90 போவது சின்னதாகத் தெரியும். ஆனால் அது 180-இலிருந்துதான் போகிறது, அதாவது சரிபாதி. பழைய வருமானம் வரவே இரண்டு மடங்கு பிளவுஸ் தைக்கவேண்டும்.

விலையில் கை வைக்காமல் வேலையாகக் கொடுத்தால் கதை மாறும். ‘இரண்டு பிளவுஸ் தைக்கக் கொடுத்தால் ஒரு சேலைக்கு ஃபால்ஸ் வைத்து ஓரம் அடித்துத் தருகிறோம்’ என்று சொல்லலாம். வெளியே இதற்கு 120 ரூபாய் கேட்கிறார்கள் என்றால், கடைக்கு ஃபால்ஸ் துணி 25, தைப்பவர் கூலி 35, ஆக 60 ரூபாய்தான் செலவு. இலவசம் என்பது வாடிக்கையாளருக்குத்தான். தைப்பவருக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும், அதில் பிடித்தம் செய்யும் கடை எதற்காகச் சலுகை போட்டதோ அதையே கெடுத்துக்கொள்கிறது.

இன்னொரு சலுகைக்குச் செலவே இல்லை. தீபாவளி நேரத்தில் பதினைந்து நாள் காக்கவைத்த கடை, இப்போது ‘மூன்றாம் நாள் தயார்’ என்று சொல்லமுடியும். கூட்டமில்லாத மாதத்தில் மட்டுமே கொடுக்கக்கூடியது இது. ஆனால் மழைக்காலம் என்பதை மறக்கக்கூடாது. லைனிங்கையும் ஃபால்ஸையும் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பிறகே தைக்கவேண்டும். இல்லையென்றால் முதல் சலவையிலேயே சுருங்கி, சேலைக் கரையையும் சேர்த்து இழுத்துவிடும். கார்த்திகை ஈரத்தில் துணி காய ஒருநாள் முழுக்க ஆகலாம். அதிகம் ஓடும் நிறங்களை வெயில் அடிக்கிற நாளில் மொத்தமாக நனைத்துக் காயவைத்து எடுத்துவைத்திருந்தால்தான் மூன்று நாள் வாக்கைக் காப்பாற்றமுடியும்.

யாருக்கு, எப்போது சொல்வது? தீபாவளி முடிந்து கடை வெறிச்சோடிய பிறகு வாசலில் பேனர் கட்டினால் தெருவில் போகிறவர்கள்தான் பார்ப்பார்கள். துணி வாங்க வாடிக்கையாளர் கவுன்டரில் நிற்கும் அந்த நாளில், பையோடு ஒரு சின்ன அட்டையைக் கையில் கொடுப்பதுதான் சரியான முறை. குறிப்பாக, தங்கள் வழக்கமான கடையில் இடமில்லாமல் முதல்முறை இங்கே வந்தவர்களுக்கு. அவர்களுடைய அளவு இப்போது நம் நோட்டில் இருக்கிறது. அடுத்த தடவை அளவு பிளவுஸ்கூடக் கொண்டுவர வேண்டாம். அதே சமயம், அவசரத்தில் தைத்த துணியை வாங்கிப் போகிறவர்களும் அவர்கள்தான். கை பிடிக்கிறது, தோள் இறங்குகிறது என்றால் எந்தச் சலுகைக்கும் திரும்பமாட்டார்கள். சண்டை போடமாட்டார்கள், வராமல் இருந்துவிடுவார்கள்.

அதனால் அட்டையின் முதல் வரி சலுகையாக இருக்கக்கூடாது. ‘அளவில் குறை இருந்தால் கொண்டுவாருங்கள், காசில்லாமல் சரிசெய்து தருகிறோம்’ என்று இருக்கவேண்டும். பிடிப்பைத் தளர்த்த வேண்டுமானால் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் அங்குலமாவது துணி விட்டிருக்கவேண்டும். எவ்வளவு அவசரமானாலும் வெட்டும்போது மாஸ்டர் அதைக் குறைக்கக்கூடாது. சரிசெய்ய வருகிறவர் பெரும்பாலும் அதைப் போட்டுப் பார்க்கும்வரை கடையில் நிற்பார். ஃபால்ஸ் வைக்காத சேலை வீட்டில் இருக்கிறதா என்று கேட்க அதுதான் நல்ல நேரம்.

அட்டையில் ‘30 நாட்களுக்குள்’ என்று போடாமல் தேதியைப் போடுங்கள். 2026-இல் தீபாவளி நவம்பர் 8. கார்த்திகை பிறப்பது நவம்பர் 17, மார்கழி டிசம்பர் 16. நவம்பர் 16 முதல் டிசம்பர் 20 வரை என்று வைத்தால், தீபாவளிக் களைப்பு தீர ஒரு வாரம் கிடைக்கும், பொங்கல் ஆர்டர் தொடங்கும் முன்பே சலுகையும் முடிந்துவிடும். கார்த்திகையில் முகூர்த்தங்கள் உண்டு. ஆரி வேலை செய்யும் கல்யாணப் பிளவுஸுக்கு இது பொருந்தாது என்பதை அட்டையிலேயே பெரிய எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. கவுன்டரில் போய்த் தெரிந்துகொண்டால் மனம் கசக்கும்.

முடிந்த பிறகு கணக்குப் பார்க்கும் இடத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். 200 அட்டை கொடுத்து 40 பேர் வந்தால் நாற்பதும் லாபம் என்று எண்ணத் தோன்றும். சென்ற ஆண்டின் ஆர்டர் நோட்டை எடுத்து, அதே வாரங்களில் யார் யார் வந்தார்கள் என்று ஒப்பிடவேண்டும். அட்டை இல்லாமலே வந்திருக்கக்கூடியவர்கள் 25 பேர் என்று வைப்போம். கூடுதலாக வந்தவர்கள் 15 பேர்தான். ஆளுக்கு இரண்டு பிளவுஸில் 360 ரூபாய் மிச்சம், ஃபால்ஸ் செலவு 60 போக 300, பதினைந்து பேருக்கு 4,500. மற்ற 25 பேருக்குக் கொடுத்த ஃபால்ஸ் செலவு 1,500-ஐயும் அட்டை அச்சடித்த 400-ஐயும் கழித்தால் கையில் 2,600 ரூபாய். இதே ஆட்களுக்கு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்திருந்தால், கூடுதல் பதினைந்து பேரால் வருவது 2,700, வழக்கமாக வரும் 25 பேரிடம் இழப்பது 4,500, அட்டைச் செலவும் சேர்த்து 2,200 ரூபாய் நஷ்டம்.

வழக்கமாகக் காசு கொடுத்து ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தவர் அந்த 25 பேரில் இருந்தால், அவரிடம் வரவேண்டிய 120 ரூபாயும் போய்விடும். ஆகவே ஃபால்ஸ் அட்டையைப் புதியவர்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு அடுத்த தீபாவளிக்கு முன்கூட்டியே ஆர்டர் இடம் ஒதுக்கித் தருவதே மேல். அவர்கள் உண்மையில் தவிப்பது அதற்குத்தான்.

2,600 ரூபாய் பெரிய தொகை இல்லை. ஆனால் அந்தப் பதினைந்து பேரின் முப்பது பிளவுஸால் தைப்பவர்களுக்குக் கூடுதலாகக் கிடைத்த கூலி 5,400 ரூபாய். ஃபால்ஸ் கூலி 1,400 தனி. மூன்று பேர் தைக்கும் கடையில் தலைக்கு 2,000 ரூபாய்க்கு மேல் வருகிறது.