எட்டாவது டோக்கனுக்கும் ஒன்பதாவது டோக்கனுக்கும் நடுவில்

முன்பின் தெரியாத ஒரு மருத்துவரிடம் ஏதோ ஒரு பொருளையோ சேவையையோ கொண்டுபோக நினைக்கிறவர், முதலில் அவருடைய சாயங்காலக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களில் ஓரளவு பேர் வாங்கிய குழந்தை மருத்துவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மாலை ஐந்தரைக்கு உட்கார்ந்து ஒன்பது மணிக்கு எழுந்தால் 210 நிமிடம். அன்றைக்கு அறுபது டோக்கன் என்றால் ஒரு குழந்தைக்கு மூன்றரை நிமிடம். ‘ஒரு பத்து நிமிஷம் கிடைக்குமா சார்?’ என்று கேட்பவர், தனக்கே தெரியாமல் மூன்று குழந்தைகளின் நேரத்தைக் கேட்கிறார். மருத்துவருக்கு மூன்று பேரின் ஃபீஸ் போகிறது என்பது சின்ன விஷயம். வெளியே காய்ச்சலோடு அம்மா மடியில் கிடக்கும் அறுபதாவது குழந்தை இன்னும் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும்.

அந்த மூன்றரை நிமிடமும் முழுதாக அவர் கையில் இருப்பதில்லை. காலையில் அட்மிட் ஆன குழந்தையைப் பற்றி நர்சிங் ஹோமிலிருந்து போன் வரும். எழுதிய பிராண்ட் இல்லை, வேறு தரட்டுமா என்று மருந்துக் கடைக்காரர் கேட்பார். போன டோக்கனில் வந்த அம்மா ரத்தப் பரிசோதனைச் சீட்டோடு கதவை லேசாகத் திறந்து எட்டிப் பார்ப்பார். இவ்வளவுக்கும் நடுவில்தான் அவர் மருந்தளவைக் கணக்கிடுகிறார். குழந்தைக்கு பாராசிட்டமால் கொடுப்பது எடையை வைத்து, ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை. பத்து கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் என்று வைத்தால், ஐந்து மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப்பில் அது ஆறு மில்லி. 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் மூன்றே மில்லி. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். மனதில் ஒன்றைக் கணக்குப் போட்டுவிட்டு, நடுவில் போனை எடுத்துப் பேசி, திரும்பி வந்து மற்றதன் பெயரை எழுதினால் மருந்து இரட்டிப்பாகவோ பாதியாகவோ ஆகிவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. சிட்னி மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும் செவிலியர்களைக் கூடவே இருந்து கவனித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, குறுக்கீடு ஒவ்வொன்று கூடும்போதும் மருந்துத் தவறு ஏறத்தாழ 12 சதவீதம் கூடுவதாகக் கண்டது. ஆகவே புதிதாக ஒருவர் அடிக்கும் போன் மணி, அது ஒலிக்கும் இருபது விநாடியை மட்டும் எடுத்துக்கொள்வதில்லை. அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, கணக்கை முதலிலிருந்து போடும் வேலையையும் மருத்துவர் தலையில் வைக்கிறது. முதல் தொடர்பு மருத்துவரின் வேலை நேரத்தில் ஒரு நிமிடம்கூட எடுக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். அப்படிச் செய்ய முடியும்.

எப்படி என்று பார்க்க ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஒரு சிறு நிறுவனம் தடுப்பூசி வைக்கும் ஃபிரிட்ஜுக்கான வெப்பநிலைப் பதிவுக் கருவி விற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தீப்பெட்டி அளவு. ஃபிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே இருக்கும். சொந்த கிளினிக்கிலேயே தடுப்பூசி போடும் குழந்தை மருத்துவருக்கு இது உண்மையில் தேவைப்படக்கூடிய பொருள். ஆனால் அவருக்கு இந்த நிறுவனத்தில் யாரையும் தெரியாது.

பலர் இங்கே செய்வது என்ன? எங்கிருந்தோ நம்பரை வாங்கி, ஏழு மணிக்கு ‘குட் ஈவ்னிங் டாக்டர்’ என்று மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு பதிலுக்குக் காத்திருப்பார்கள். யார், எதற்கு என்று தெரியாத வணக்கத்துக்குப் பதில் போட வேண்டுமென்றால் மருத்துவர்தான் கேள்வி கேட்க வேண்டும். வேலை அவர் பக்கம் போய்விடுகிறது. இன்னும் சிலர் இருபது பக்க பிடிஎஃப் அனுப்புவார்கள். வேறு சிலர் நோயாளி மாதிரி டோக்கன் போட்டு, ஃபீஸும் கட்டி உள்ளே போய், நாற்காலியில் உட்கார்ந்ததும் பையைத் திறப்பார்கள். காசு கொடுத்துத்தானே நேரம் வாங்கினோம் என்று அதற்கு நியாயமும் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. நோயைக் கேட்கத் தயாராக நிமிர்ந்து உட்கார்ந்தவரை ஏமாற்றிவிட்டு, அதே மூச்சில் நம்பிக்கையைப் பற்றிப் பேச முடியாது.

வழி வாசல் மேசையிலிருந்து தொடங்குகிறது. டோக்கன் கொடுக்கும் சிஸ்டருக்குத்தான் அந்த கிளினிக்கின் ஓட்டம் தெரியும். மருந்து கம்பெனி ரெப்கள் இதைப் பல காலமாக அறிந்தவர்கள். ஒரு கிளினிக்கில் ரெப்களை ஓ.பி. முடிந்த பிறகே விடுவார்கள், இன்னொன்றில் வாரத்தில் ஒரு நாள், வேறொன்றில் இத்தனை நோயாளிக்கு ஒரு ரெப் என்று கணக்கு. எழுதாத சட்டம், ஆனால் கறாரான சட்டம். ஓ.பி. தொடங்கக் கால் மணி நேரம் முன்னால் போய், ‘வெளி ஆட்கள் விஷயத்தை டாக்டர் எப்படிப் பார்ப்பார் சிஸ்டர்? எழுதிக் கொடுத்தால் படிப்பாரா, எப்போது?’ என்று கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். டாக்டரின் சொந்த நம்பரைக் கேட்கக் கூடாது. கொடுத்தால் திட்டு வாங்கப்போவது அவர்.

அங்கேயே இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளலாம். தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதுவது வழக்கம்; இருக்க வேண்டியது 2 டிகிரிக்கும் 8 டிகிரிக்கும் நடுவில். எழுதுவது யார் என்று கேட்டால் அநேகமாக அந்த சிஸ்டரேதான். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் என்ன நடந்தது என்பது அந்த நோட்டில் இருக்காது. வெப்பம் ஏறினால் ஊசி கெடும் என்பதை எல்லோரும் பயப்படுகிறார்கள். உறைவதைப் பற்றி அவ்வளவு பயம் இல்லை. வீட்டு ஃபிரிட்ஜில் ஃப்ரீசரிலிருந்து குளிர் இறங்கும் இடத்தை ஒட்டி வைத்த குப்பி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடலாம். ஹெபடைடிஸ் பி, முத்தடுப்பு ஊசி, நிமோனியாவுக்கான ஊசி எல்லாம் உறைந்தால் வீரியம் இழப்பவை. உருகிய பிறகு பார்வைக்குச் சாதாரணமாகவே தெரியலாம். சில குப்பிகளில் ஒட்டியிருக்கும் நிறம் மாறும் வில்லை சூட்டைத்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது.

மருத்துவருக்கு எழுத வேண்டியது இந்த இடைவெளியைப் பற்றித்தான், நிறுவனத்தைப் பற்றி அல்ல. ஒரு தாளில், பெரிய எழுத்தில், இப்படி இருக்கலாம்:

“டாக்டருக்கு வணக்கம். உங்கள் தடுப்பூசி ஃபிரிட்ஜின் வெப்பநிலை காலை, மாலை எழுதப்படுகிறது. இரவு எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு பதிவுக் கருவியை ஏழு நாள் உள்ளே வைக்க அனுமதி கேட்கிறோம். உங்கள் நேரம் தேவையில்லை. சிஸ்டர் இரண்டு நிமிடம் உடன் இருந்தால் போதும். எட்டாம் நாள் கருவியை எடுத்துக்கொண்டு, ஒரு பக்க வரைபடம் தருவோம். வாங்க விரும்பினால் விலை இவ்வளவு. இந்தத் தாளின் கீழே ‘சரி’ அல்லது ‘வேண்டாம்’ என்று குறித்து சிஸ்டரிடம் கொடுத்தால் போதும்.”

இதை எட்டாவது டோக்கன் வெளியே போய் ஒன்பதாவது உள்ளே வருவதற்குள் படித்து, ஒரு சொல்லில் முடித்துவிடலாம். சந்திப்புக்கு நேரம் கேட்கவில்லை. விலையை மறைக்கவில்லை, மறைத்திருந்தால் அதைக் கேட்க இன்னொரு பேச்சு தேவைப்பட்டிருக்கும். கருவி இரவல்தான், எடுத்துக்கொண்டு போய்விடுவோம் என்று எழுதியதற்கும் காரணம் உண்டு. மருந்து கம்பெனிகளிடமிருந்து மருத்துவர்கள் பரிசு வாங்கக் கூடாது என்று மருத்துவக் கவுன்சில் 2009இல் விதியைத் திருத்தியது. பரிசோதனைக்கு அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதும் விதிப்படி தவறு. மானமுள்ள மருத்துவர் ‘இலவசம்’ என்ற சொல்லைப் பார்த்ததுமே, பதிலுக்கு எதைக் கேட்பார்கள் என்று யோசிப்பார். அந்தச் சந்தேகத்துக்குத் தாளிலேயே இடம் வைக்காமல் எழுதிவிட வேண்டும்.

எட்டாம் நாள் வரைபடத்தில் மூன்றாம் இரவு இரண்டு மணி முதல் நாலு மணி வரை கோடு பூஜ்ஜியத்துக்குக் கீழே இறங்கியிருந்தால், அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டு, கருவி எந்தத் தட்டில் இருந்தது என்றும் எழுதிக் கொடுங்கள். வேறு விளக்கம் தேவையில்லை, படிப்பவர் மருத்துவர். ஏழு நாளும் கோடு நாலு, ஐந்து டிகிரியிலேயே நின்றிருந்தால்? ‘உங்கள் ஃபிரிட்ஜ் சரியாக இருக்கிறது’ என்று அதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கு விற்பனை போகும். ஆனால் அதே ஊரில் இன்னொரு குழந்தை மருத்துவர் போன் செய்து ‘அந்த ஆட்கள் எப்படி?’ என்று கேட்கும்போது அவர் என்ன சொல்வார் என்பது அந்தத் தாளில்தான் தீர்மானமாகிறது.

பதிலே வராதபோது என்ன அர்த்தம் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம். கொடுத்த தாள் மறுநாள் வரை மேசையிலேயே கிடந்தால், அதை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்; படிக்கவில்லை, அவ்வளவுதான். ‘சார் பிஸி, அப்புறம் வாங்க’ என்று நாள் சொல்லாமல் இரண்டு முறை சொன்னால் அது மறுப்பு. ‘புதன்கிழமை மத்தியானம் வாங்க’ என்று கிழமையோடு சொன்னால் உள்ளே பேச்சு நடந்திருக்கிறது. மருத்துவர் விலையைப் பற்றிக் கேட்பதைவிட, ‘கரண்ட் போனால் பதிவு நிற்குமா?’ என்று கேட்டால் அதுதான் நல்ல அறிகுறி. தன் ஃபிரிட்ஜுக்குள் அதை வைத்துப் பார்த்துவிட்டார். பத்து நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதுவும் புதிதாகச் சொல்ல ஒன்று இருந்தால். அதற்குமேல் போவது நச்சரிப்பு.

வக்கீல்களிடம் நேரத்தின் உருவமே வேறு. அமெரிக்காவில் பல சட்ட நிறுவனங்கள் மணியைப் பத்தாகப் பிரித்து ஆறு ஆறு நிமிடமாகக் கட்டணம் எழுதுகின்றன. நம் ஊரில் பெரும்பாலும் வழக்குக்கு இவ்வளவு, ஆஜராவதற்கு இவ்வளவு என்றுதான் பேச்சு. ஆனால் நாளைக்கு எந்தக் கோர்ட்டில் எத்தனையாவது வழக்கு என்பது முந்தைய மாலை பட்டியல் வந்த பிறகுதான் தெரியும். ஆகையால் அவர் ஒரு வாரம் முன்பே கொடுத்த நேரம் நம்பத்தக்கதல்ல. அது அவர் குற்றமும் அல்ல. பகலில் கோர்ட் ஹாலில் போன் மௌனத்தில் இருக்கும். மாலையில் சேம்பரில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இங்கே வாசல் மேசையில் இருப்பவர் குமாஸ்தா. கேஸ் கட்டைத் தயார் செய்யும் ஜூனியர் இன்னொரு வாசல். மே மாதக் கோடை விடுமுறை, புதிதாக ஒன்றைப் பார்க்க அவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விடும் காலம். எழுதிக் கொடுக்கும் தாளை மட்டும் இரண்டு மடங்கு கவனமாக எழுத வேண்டும். ‘எல்லா கோர்ட் தீர்ப்பும் கிடைக்கும்’ என்று எழுதிவிட்டு ஒன்று கிடைக்காமல் போனால், அந்த வரியை நம்மிடமே நீட்டுவார். ஆவணத்தை அப்படிப் படிப்பது அவர் தொழில்.

‘வேண்டாம்’ என்று குறித்து வந்தால் நன்றி சொல்லிவிட்டு, தேதியோடு அலுவலக நோட்டில் ஏற்றுங்கள். அடுத்த மாதம் அதே நிறுவனத்திலிருந்து வேறொரு பையன் அதே படியேறிப் போய் அதே தாளை நீட்டுவதுதான் அந்த மருத்துவரும் வக்கீலும் அதிகம் எரிச்சலோடு சொல்லும் புகார்.