மேசையைச் சுற்றி எல்லோரும் இருக்கட்டும்

ரஷ்யக் குடும்ப விருந்தில் கோப்பையை எடுத்தவர் உடனே குடித்துவிட மாட்டார். யாராவது ஒருவர் வாழ்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை மற்றவர்கள் காத்திருப்பார்கள். அந்த வாழ்த்துக்கு ‘தோஸ்த்’ என்று பெயர். பெரியவர்களின் கோப்பையில் ஒயினோ வோட்காவோ இருக்கும். குழந்தைகளும் பழங்களைக் கொதிக்கவைத்து எடுத்த ‘கம்போத்’ பானத்தோடு சேர்ந்துகொள்வார்கள்.

வழக்கமான சொற்களால் அமைந்த குட்டி வாழ்த்து ஒன்றைப் பார்ப்போம்:

தரகீயே மயீ!
பூஸ்த் வ் தோம்யே பூத்யெத் திப்லோ,
பூஸ்த் நா ஸ்தல்யே பூத்யெத் ஹ்லெப்,
பூஸ்த் ஸா ஸ்தலோம் பூதுத் ஃப்ஸ்யே.
ஸா நாஷு சிம்யூ!

‘என் அன்பானவர்களே! வீட்டில் கதகதப்பு இருக்கட்டும், மேசைமேல் ரொட்டி இருக்கட்டும், மேசையைச் சுற்றி எல்லோரும் இருக்கட்டும். நம் குடும்பத்துக்காக!’ என்பது பொருள்.

‘பூஸ்த்’ என்பது நம் ‘இருக்கட்டும்’, ‘வாழட்டும்’ என்பவற்றில் வரும் ‘-ட்டும்’ போன்றது. தமிழில் அது கடைசியில் வந்து வரியை முடிக்கிறது. ரஷ்யனில் முதலில் வந்து வரியைத் தொடங்கிவைக்கிறது. மூன்று முறை அது ஒலிப்பதால் தாளம் தானே அமைந்துவிடுகிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. திப்லோ, ஹ்லெப், ஃப்ஸ்யே, சிம்யூ என்று ஒவ்வொரு வரியும் அழுத்தமான அசையில் முடிகிறது. அதனால் குரல் ஓயாமல், ஊன்றி நிற்கிறது.

‘ஸா’ என்ற சிறு சொல்தான் வாழ்த்தின் உயிர். ‘மேசையைச் சுற்றி’ என்னும்போது அமர்ந்திருக்கும் இடத்தைக் காட்டிய அதே சொல், கடைசி வரியில் ‘-க்காக’ என்று பொருள்படுகிறது. யாருக்காக என்பது அதற்குப் பின்னால்தான் வரும். பாட்டியின் பிறந்தநாள் என்றால் கடைசி வரி ‘ஸா பாபுஷ்கு!’ என்று மாறும். அதைச் சொல்லி முடித்ததும் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதும்.

வெளிநாட்டார் பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ‘நா ஸ்தரோவியே’தான் ரஷ்ய வாழ்த்து என்று எண்ணிக் கோப்பையை உயர்த்துவார்கள். உண்மையில் அது, சாப்பிட்டவர் நன்றி சொல்லும்போது பரிமாறியவர் தரும் பதில். உண்டது உடம்பில் ஒட்டட்டும் என்பதுபோல. உடல்நலம் வேண்டிக் குடிக்க ‘ஸா ஸ்தரோவியே’ என்று சொல்ல வேண்டும். ‘நா’வை ‘ஸா’வாக மாற்றினால் போதும்.

எல்லா வாழ்த்துக்கும் கோப்பைகள் மோதுவதில்லை. இறந்தவர்களை நினைத்துக் குடிக்கும்போது யாரும் மோதமாட்டார்கள். பலர் எழுந்து நின்று, பேசாமல் குடிப்பார்கள். ‘எல்லோரும் இருக்கட்டும்’ என்று வேண்டிய அதே மேசையில், இல்லாதவர்களுக்கும் ஒரு கோப்பை உண்டு. அதற்குரிய வாழ்த்து மௌனம்.