ஜூலை முதல் தேதியில் வயது எவ்வளவு?

பூதலூர் வட்டத்தில் ஒரு கிராம நிர்வாக அலுவலர் பணியிடம் காலியானால், அது பெரும்பாலும் டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் குரூப் 4 தேர்வு வழியாக நிரம்பும். அந்த அறிவிக்கை வெளியான அன்று இ-சேவை மையங்களிலும் படிப்பகங்களிலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, “எனக்கு வயசு இருக்கா?” என்பது. பலரும் விரல் விட்டு எண்ணி, இன்றைக்கு எனக்கு 31, வரம்பு 32, ஆகவே இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். சில நேரம் அந்த முடிவு தவறாகிவிடுகிறது. வயதை எண்ண வேண்டியது இன்றைய தேதியில் இல்லை என்பதே காரணம்.

2024ஆம் ஆண்டு குரூப் 4 தேர்வையே எடுத்துக்கொள்வோம். அறிவிக்கை வந்தது ஜனவரி 30. தேர்வு நடந்தது ஜூன் 9. வயதைக் கணக்கிட வேண்டிய நாளோ ஜூலை 1. அதாவது தேர்வு எழுதி மூன்று வாரம் கழித்து வரும் ஒரு நாளில் நமக்கு என்ன வயதோ, அதுதான் செல்லும். டி.என்.பி.எஸ்.சி. தன் பெரும்பாலான அறிவிக்கைகளில் அந்தந்த ஆண்டின் ஜூலை முதல் தேதியைத்தான் வைத்துக்கொள்கிறது. அறிவிக்கை தை மாதம் வந்தாலும் ஐப்பசியில் வந்தாலும் அந்த நாள் அசையாது.

இதனால் என்ன ஆகிறது என்பதை இரண்டு பிறந்த தேதிகளை வைத்துப் பார்க்கலாம். பொதுப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் பிறந்தது 20.6.1992. இளநிலை உதவியாளர் பணிக்கு அவர் பிரிவுக்கு விதி சொல்வது, 32 வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது என்பது. விண்ணப்பிக்கும்போது அவருக்கு 31. தேர்வு அறையில் உட்காரும்போதும் 31தான். 32 ஆக இன்னும் 11 நாள் இருக்கிறது. ஆனால் ஜூலை 1 அன்று 32 முடிந்து 11 நாள் ஆகிவிடும். அவருக்கு வயது இல்லை. இன்னொருவர் பிறந்தது 25.6.2003. வி.ஏ.ஓ. பணிக்குக் குறைந்தது 21 வயது பூர்த்தியாகியிருக்க வேண்டும். தேர்வு நாளில் அவருக்கு இருபதுதான். ஆனாலும் ஜூலை 1 அன்று 21 முடிந்திருக்கும் என்பதால் அவர் தாராளமாக விண்ணப்பிக்கலாம். முதல் ஆள் ஏமாந்து விண்ணப்பிக்கிறார், இரண்டாம் ஆள் ஏமாந்து விண்ணப்பிக்காமல் விட்டுவிடுகிறார். இரண்டாவதுதான் எனக்குக் கூடுதலாக வருத்தம் தருவது. தகுதி இல்லாதவரைக் கடைசியில் யாராவது தடுத்துவிடுவார்கள். தகுதி இருந்தும் ஒதுங்கிக்கொண்டவரை யாரும் தேடிப்போய்க் கூப்பிடப் போவதில்லை.

வருடம், மாதம், நாள் என்று மூன்று வரிசையில் எழுதிக் கழிக்கிற வழக்கம் நம்மிடம் உண்டு. நாள் போதாமல் மாதத்தில் கடன் வாங்கும்போது, அந்த மாதத்துக்கு 30 நாளா 31 நாளா என்று தடுமாறுவதும் உண்டு. அவ்வளவு பாடு தேவையில்லை. கணக்கு நாளில் இருந்து வரம்பு வயதை மட்டும் கழித்து, வரும் தேதியை எழுதிக்கொண்டால் போதும். 1.7.2024இல் 32 ஆண்டைக் கழித்தால் 1.7.1992. அதற்குப் பிறகு பிறந்தவர் உள்ளே; அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ பிறந்தவர் வெளியே. குறைந்தபட்ச வயதுக்கும் அப்படியே: 21 ஆண்டைக் கழித்தால் 1.7.2003. அன்றோ அதற்கு முன்போ பிறந்தவருக்கு 21 நிறைந்துவிட்டது.

இந்தக் கணக்கு எல்லாப் பிறந்த தேதிக்கும் சரியாக வரும், ஒரே ஒரு தேதியைத் தவிர. ஜூலை 2 அன்று பிறந்தவர்.

2.7.1992 அன்று பிறந்தவருக்கு 1.7.2024 அன்று என்ன வயது? கழித்துப் பார்த்தால் 31 ஆண்டு, 11 மாதம், 29 நாள். நாளைக்குத்தானே பிறந்தநாள், இன்னும் ஒரு நாள் இருக்கிறதே என்றுதான் யாருக்கும் தோன்றும். 1986இல் உச்ச நீதிமன்றம் இதே கேள்விக்கு வேறு விடை சொன்னது. பிரபு தயாள் செஸ்மா என்பவர் ராஜஸ்தான் அரசுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு அது. அவர் பிறந்தது 2.1.1956. ராஜஸ்தான் விதி, ஜனவரி முதல் தேதியன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்றது. அவர் விஷயத்தில் கணக்கு நாள் 1.1.1984. பிறந்தநாளுக்கு ஒரு நாள் முந்தைய தேதி.

நீதிமன்றம் காட்டிய காரணம் எளிது. பிறந்த நாளையும் ஒரு முழு நாளாகச் சேர்த்து எண்ண வேண்டும். ஜனவரி 2ஆம் தேதி பிறந்த குழந்தைக்கு அந்த ஜனவரி 2தான் வாழ்க்கையின் முதல் நாள். அப்படியானால் முதல் ஆண்டு நிறைவது அடுத்த ஜனவரி 1ஆம் தேதி நள்ளிரவில். ஜனவரி 2 விடியும்போது இரண்டாம் ஆண்டின் முதல் நாள் தொடங்கிவிட்டது. ஒரு ஆண்டுக்குச் சரியாக இருப்பது 28 ஆண்டுக்கும் சரிதான். ஆகவே 1984 ஜனவரி 1 முடியும்போதே அவருக்கு 28 நிறைந்துவிட்டது, அவருக்குத் தகுதி இல்லை என்று தீர்ப்பானது. வேறு விதமாகச் சட்டத்தில் எழுதியிருந்தால் ஒழிய, ஒருவர் ஒரு வயதை எட்டுவது பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

படிக்கும்போது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் ஊரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் யாரையாவது கேட்டால், இந்தக் கணக்கு அரசு வேலையில் நெடுங்காலமாகப் புழங்கி வருவது தெரியும். மாதத்தின் நடுவில் பிறந்தவர் அந்த மாதக் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார். முதல் தேதியில் பிறந்தவரோ அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே வீட்டுக்குப் போகிறார். ஜூலை 1 அன்று பிறந்தவர் ஜூன் 30 அன்று விடைபெறுவார். ஜூலை 2 அன்று பிறந்தவருக்கு ஜூலை மாதச் சம்பளமும் உண்டு. முதல் தேதிக்காரருக்கு வயது முந்தைய நாளிலேயே நிறைந்துவிட்டது என்பதே இதற்கும் காரணம்.

செஸ்மா கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. மேல் வரம்பில் ஒருவரை வெளியே தள்ளுகிற அதே எண்ணிக்கை, கீழ் வரம்பில் இன்னொருவரை உள்ளே இழுக்கிறது. 2.7.2003 அன்று பிறந்தவருக்கு 1.7.2024 நள்ளிரவில் 21 நிறைந்துவிட்டது என்றுதானே அந்தத் தீர்ப்பின்படி சொல்ல வேண்டும்? மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு என்று ஒரே அறிவிக்கையில் இரண்டு வைத்துக்கொள்வது நியாயமில்லை என்பது என் கருத்து.

இந்தச் சிக்கலே எழாமல் செய்ய ஒரு வழி இருக்கிறது, யு.பி.எஸ்.சி. அதைத்தான் செய்கிறது. 2024 குடிமைப் பணித் தேர்வின் அறிவிக்கையில், ஆகஸ்ட் 1 அன்று 21 வயதை எட்டியிருக்க வேண்டும், 32 வயதை எட்டியிருக்கக் கூடாது என்று எழுதிவிட்டு நிறுத்தவில்லை. அதாவது 2.8.1992க்கு முன்பும் 1.8.2003க்குப் பின்பும் பிறந்திருக்கக் கூடாது என்று தேதியையே போட்டுவிட்டார்கள். செஸ்மா கணக்கில் சிக்கக்கூடிய 2.8.1992 இங்கே உள்ளே வந்துவிடுகிறது, கீழே 2.8.2003 வெளியே போய்விடுகிறது. பிறந்தநாள் அன்றுதான் வயது நிறையும் என்ற ஒரே கணக்கை இரண்டு முனையிலும் வைத்திருக்கிறார்கள். வங்கித் தேர்வுகளை நடத்தும் ஐ.பி.பி.எஸ். அறிவிக்கையிலும் இப்படிப் பிறந்த தேதிகள் அச்சிடப்பட்டிருக்கும். தேதி போட்டிருக்கும் அறிவிக்கையில் நாம் எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. அந்தத் தேதியே கடைசி வார்த்தை. எல்லாத் தேர்வு அமைப்புகளும் இந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டால் எத்தனையோ பேரின் குழப்பம் தீரும்.

தேதி போடாத அறிவிக்கையில் சொற்களைக் கவனிக்க வேண்டும். “32 வயது பூர்த்தியடைந்தவராக இருக்கக் கூடாது” என்பதில் ஐயமில்லை. “32 வயதுக்கு மிகாமல்” என்றோ “அதிகபட்ச வயது 32” என்றோ இருக்கும்போதுதான் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். 33 ஆகும்வரை 32தானே, ஆகவே 32 ஆண்டு 8 மாதம் ஆனவரும் போடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஆபத்தான எண்ணம். ஐ.பி.பி.எஸ். 2025 அதிகாரி தேர்வில் அதிகபட்சம் 30, கணக்கு நாள் 1.7.2025. பக்கத்திலேயே தந்திருந்த தேதியோ 2.7.1995க்கு முன் பிறந்திருக்கக் கூடாது என்பது. அதாவது 30 நிறைந்த அன்றே கதவு மூடிவிட்டது.

கணக்கு நாளே சொல்லப்படாத அறிவிக்கைகளும் அபூர்வமாக உண்டு. 2000இல் புபிந்தர்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு ஒரு வரிசை சொன்னது. பணி விதிகளில் நாள் இருந்தால் அது. இல்லையென்றால் அறிவிக்கையில் குறித்த நாள். அதுவும் இல்லையென்றால் விண்ணப்பம் வந்து சேர வேண்டிய கடைசி நாள்.

இவ்வளவு கணக்கும் எந்தப் பிறந்த தேதியை வைத்து? அம்மா சொல்லும் தேதி வேறு, சான்றிதழில் இருக்கும் தேதி வேறு என்ற வீடுகள் டெல்டா கிராமங்களில் ஏராளம். குறுவை நாற்று விட்ட சமயம் பிறந்தான், தண்ணீர் திறந்து பத்தாம் நாள் பிறந்தான் என்று வீட்டில் நினைவு இருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டுமே என்று தலைமையாசிரியர் மே, ஜூன் மாதத் தேதி ஒன்றைப் போட்டிருப்பார். அன்று அது பிள்ளைக்குச் செய்த உதவி. பின்னாளில் அதே தேதி, ஜூலை 1 என்ற கோட்டுக்குச் சில நாள் முன்னால் விழுந்து, ஒரு தேர்வு வாய்ப்பையே எடுத்துக்கொண்டுவிடுகிறது. விண்ணப்பத்தில் செல்லுபடியாவது எஸ்.எஸ்.எல்.சி. மதிப்பெண் சான்றிதழில் உள்ள தேதிதான். ஊராட்சியில் வாங்கிய பிறப்புச் சான்றிதழில் வேறு தேதி இருந்தாலும், அதை விண்ணப்பத்தில் போட்டுவிட்டால் சான்றிதழ் சரிபார்ப்பில் முரண்பாடு என்றுதான் வரும். 1.10.2023 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குச் சட்டம் மாறிவிட்டது. அவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கான ஆவணம். இன்று தேர்வு எழுதும் தலைமுறைக்கு அது பொருந்தாது.

வரம்பு எது என்பது பிரிவைப் பொறுத்தும் மாறும். 32 என்பது பொதுப் பிரிவுக்கு. குரூப் 4இன் இளநிலை உதவியாளர் போன்ற பணிகளில் பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோர் பத்தாம் வகுப்புக்கு மேல் படித்திருந்தால் மேல் வரம்பே இல்லை. அதற்கும் ஓர் எல்லை உண்டு. 60 வயது பூர்த்தியாகியிருக்கக் கூடாது என்று அறிவிக்கையே விளக்கியிருக்கும்.

ஜூலை 2 அன்று பிறந்தவர், தேதி போடாத அறிவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வது? தானே தன்னை விலக்கிக்கொள்ள வேண்டாம். சான்றிதழில் உள்ள தேதியை அப்படியே பதிந்து விண்ணப்பிக்கலாம். கூடவே, கடைசி நாளுக்கு முன்பே தேர்வாணையத்துக்கு எழுதிக் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளலாம். இணையப் பக்கம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதையும், நுழைவுச் சீட்டு வந்ததையும் தகுதிக்கு ஆதாரமாக நினைக்கக் கூடாது. தேர்வு எழுத அனுமதிப்பது தற்காலிகமானது என்று அறிவிக்கையிலேயே இருக்கும். வயதை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது சான்றிதழ் சரிபார்ப்பில்தான். அங்கே நீக்கப்பட்டால், வாங்கிய மதிப்பெண் எவ்வளவாக இருந்தாலும் கலந்தாய்வுக்கு அழைப்பு வராது.